கழாவா, பித்யாவா, இரண்டுமா? கொழும்புத் தாய்மாருக்கு ஒரு பிக்ஹு ஒப்பீடு

ஷஃபான் மாதம் நெருங்கும்போது கொழும்பின் வீடுகளில் ஒரு கணக்கு ஆரம்பமாகும். வயிற்றில் பிள்ளை இருந்தபோது விட்ட நோன்பு, பால் கொடுத்தபோது விட்ட நோன்பு, நடுவில் வந்த மாதவிடாய் நாட்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை, அவற்றைப் பிறகு நோன்பு பிடித்துக் கழாவாகத் தீர்ப்பதா, ஏழைக்கு உணவு கொடுத்துப் பித்யாவாகத் தீர்ப்பதா என்ற கணக்கு. மாமியார் ஒன்று சொல்வார், பள்ளிவாசல் மௌலவி ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு வேறொன்று சொல்லும். வெள்ளவத்தையில் ஷாபிஈ குடும்பத்தில் பிறந்த பெண், ஹனபி மத்ஹபைப் பின்பற்றும் மேமன் குடும்பத்துக்கு மருமகளாகப் போயிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். ஆனால் இவர்களில் பெரும்பாலானோர் இட்டுக்கட்டிச் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நூலின் வரியைச் சொல்கிறார்கள். எந்த வரி யாருக்கு, எந்த நிபந்தனையோடு என்பதுதான் விடுபட்டுப் போகிறது.

முதலில் ஒரு பயத்தை அகற்றிவிடலாம். “கப்பாரா” என்றதும் அறுபது நாள் தொடர்ந்து நோன்பு பிடிக்க வேண்டுமோ என்று கலங்கும் தாய்மார் இருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபில் அந்தப் பெரிய கப்பாரா, ரமழான் பகலில் வேண்டுமென்றே தாம்பத்திய உறவு கொண்டு நோன்பை முறித்த கணவனுக்கு மட்டுமே உரியது. ஹனபி மத்ஹபில் காரணமின்றி வேண்டுமென்றே உண்டு குடித்து முறித்தவருக்கும் அது உண்டு. சலுகை பெற்று நோன்பை விட்ட கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் இரு மத்ஹபிலும் அந்த அறுபது நாள் பேச்சே இல்லை. ஷாபிஈ அறிஞர் அபூ ஷுஜாஇன் சுருக்க நூல் இவர்கள் கொடுக்கும் ‘முத்து’ என்ற ஓர் அளவு உணவையும் கப்பாரா என்றே குறிப்பிடுவதால்தான் இந்தக் குழப்பம். நாம் இங்கே அதைப் பித்யா என்றே சொல்வோம்.

இப்போது தெரிவுகள். கொழும்பில் இந்தப் பெண்ணின் முன்னால் நடைமுறையில் மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. ஷாபிஈ வழியில் எல்லா நாட்களையும் கழா செய்ய வேண்டும், சில நாட்களுக்குப் பித்யாவும் கொடுக்க வேண்டும், அடுத்த ரமழான் வரை இழுத்தடித்திருந்தால் அதற்கும் தனியாகப் பித்யா உண்டு. ஹனபி வழியில் கழா மட்டும்தான். பிள்ளைக்காக விட்டாலும் பித்யா இல்லை, தாமதித்தாலும் பித்யா இல்லை. ஹனபிப் பாடநூலான குதூரீயின் முக்தஸர் இரண்டையும் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. மூன்றாவது, உணவு மட்டும் கொடுத்தால் போதும், கழா தேவையில்லை என்பது. இப்னு அப்பாஸ், இப்னு உமர் ஆகிய இரு நபித்தோழர்களிடமிருந்து இந்தக் கருத்து அறிவிக்கப்படுகிறது. ஆனால் நான்கு மத்ஹபுகளில் ஒன்றேனும் பிற்காலத்தில் உடல் தேறக்கூடிய தாய்க்கு இதைத் தீர்ப்பாக எடுக்கவில்லை. மாலிக்கிகள் கர்ப்பிணிக்குக் கழா மட்டும், பாலூட்டுபவளுக்குக் கழாவும் பித்யாவும் என்று பிரித்தார்கள். ஹன்பலிகள் பிள்ளைக்காகப் பயந்தால் இரண்டும் என்றார்கள். கழா எங்கேயும் விழவில்லை. ஆகவே மூன்றாவது வழியை எடுப்பவர், தான் எந்தப் பாடநூலின் தீர்ப்பையும் அல்ல, அதற்கு முந்திய ஒரு கருத்தை எடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்கட்டும். எளிது என்பதற்காக மட்டும் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உண்மையான தெரிவு முதல் இரண்டுக்கும் இடையில்தான். அதைத் தீர்மானிக்க ஷாபிஈ சட்டம் எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால் ஷாபிஈ குடும்பங்களிலேயே அதைப் பலர் தவறாகக் கணக்கிடுகிறார்கள்.

ஷாபிஈ சட்டத்தில் பித்யாவைத் தீர்மானிப்பது கர்ப்பமோ பாலூட்டலோ அல்ல. அந்த நாளில் யாருக்காகப் பயந்து நோன்பை விட்டாள் என்பதே கேள்வி. தன் உடலுக்காகப் பயந்து விட்டால் அவள் நோயாளியைப் போன்றவள். கழா மட்டும் போதும். தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்துப் பயந்தாலும் பிற்கால நூல்களின் உறுதியான தீர்ப்பு கழா மட்டுமே. பிள்ளைக்காக மட்டும் பயந்து விட்டால்தான் கழாவோடு ஒரு நாளுக்கு ஒரு முத்து பித்யா. காரணத்தையும் சொல்லியிருக்கிறார்கள்: இங்கே ஒரே நோன்பு முறிப்பால் இரு உயிர்கள் பயன் பெறுகின்றன. இரட்டைப் பிள்ளைகள் என்றாலும் பித்யா இரட்டிப்பாகாது.

பயம் என்பதற்கும் அளவு உண்டு. “களைப்பாக இருக்குமோ” என்ற எண்ணம் போதாது. தண்ணீருக்குப் பதில் தயம்மும் செய்ய எந்த அளவு பாதிப்பு அனுமதி தருமோ அந்த அளவு பாதிப்பு எதிர்பார்க்கப்பட வேண்டும்: நோய் உண்டாவது, இருக்கும் நோய் நீடிப்பது, பிள்ளை சிதைவது, பால் குறைந்து குழந்தை வாடுவது போன்றவை. அது தன் முந்தைய அனுபவத்தாலோ நம்பகமான மருத்துவரின் சொல்லாலோ தெரிந்திருக்க வேண்டும். கிளினிக் அட்டையில் குழந்தையின் எடை ஏறாமல் நிற்பதைக் காட்டி மருத்துவர் நோன்பைத் தவிர்க்கச் சொன்னால், அது இந்த நூல்கள் கேட்கும் வகையான ஆதாரம்தான்.

மாதவிடாயும் பிரசவத் தீட்டும் வேறு பிரிவு. அந்த நாட்களில் நோன்பு பிடிப்பதே கூடாது. கழா உண்டு, பித்யா இல்லை. பால் கொடுக்கும் மாதத்தில் இடையே மாதவிடாய் வந்தால் அந்த நாட்களைப் பித்யாக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பலர் சேர்த்துவிடுகிறார்கள்.

அடுத்தது தாமதம். ஷாபிஈ நூலான நவவியின் மின்ஹாஜ் சொல்லும் விதி இது: கழாச் செய்ய முடிந்திருந்தும் அடுத்த ரமழான் நுழையும்வரை பிற்போட்டவர், கழாவோடு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு முத்து கொடுக்க வேண்டும். ஆண்டுகள் கூடக் கூட அதுவும் திரும்பத் திரும்ப ஏறும் என்பதே வலுவான கருத்து. இந்த விதியில் “முடிந்திருந்தும்” என்ற சொல்லைத்தான் நம்மவர்கள் படிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நோய், பயணம், பாலூட்டல் போன்ற காரணம் ஆண்டு முழுவதும் தொடர்ந்திருந்தால் தாமதப் பித்யா இல்லை. காரணமற்ற நாட்கள் சில மட்டும் கிடைத்திருந்தால், அத்தனை நாட்களுக்கு மட்டுமே பித்யா.

இனி ஓர் உதாரணத்தைக் கணக்கிடுவோம். இது நான் கற்பித்துக்கொண்ட பெண். ஆனால் தெமட்டகொடையிலோ மருதானையிலோ இவரை எங்கும் காணலாம். 2024 ரமழானில் இவருக்கு எட்டாம் மாதம். நான்கு நாட்கள் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றியதால் நோன்பை விட்டார். பிறகு பிள்ளையின் வளர்ச்சி போதவில்லை என்று மருத்துவர் எச்சரித்ததால் 14 நாட்கள் விட்டார். ஆக 18 நாட்கள். குழந்தை பிறந்து பால்குடி நீடித்தது. 2025 ரமழானுக்கு முன்னால் குழந்தை சோறு உண்ணப் பழகியிருந்தபோது, எந்தச் சிரமமும் இல்லாத 10 நாட்கள் கிடைத்தன. அவற்றில் அவர் கழாப் பிடிக்கவில்லை. அதன்பின் குழந்தை காய்ச்சலில் விழுந்து, மீண்டும் பால் மட்டுமே குடிக்க ஆரம்பித்தது. 2025 ரமழானில் பால் வற்றியதால் குழந்தைக்காக 12 நாட்கள் விட்டார், மாதவிடாயால் ஆறு நாட்கள் விட்டார். அதுவும் 18. பின்னர் குழந்தை பால்குடி மறந்தது, இவரும் நலமாக இருந்தார். ஆனால் வேலை, வீடு, பிள்ளை என்று 2026 ரமழானும் வந்துவிட்டது. இப்போது தீர்க்க நினைக்கிறார்.

ஹனபி வழியில் விடை ஒரு வரி. 36 நோன்புகள் கழா. வேறொன்றும் இல்லை.

ஷாபிஈ வழியிலும் கழா அதே 36தான். மேலதிகம் பித்யாவில். நோன்பை விட்டதற்கான பித்யா, பிள்ளைக்காக மட்டும் விட்ட நாட்களுக்கே: முதல் ஆண்டின் 14, இரண்டாம் ஆண்டின் 12, ஆக 26 முத்து. தலைசுற்றலில் விட்ட நான்கும் மாதவிடாய் ஆறும் இதில் சேராது. அடுத்துத் தாமதம். 2025 ரமழான் நுழைந்தபோது, 18இல் 10 நாட்களை மட்டுமே அவரால் பிடித்திருக்க முடியும். ஆகவே 10 முத்து. 2026 ரமழான் நுழைந்தபோது முதலாண்டின் 18உம் இரண்டாம் ஆண்டின் 18உம் பிடித்திருக்கக் கூடியவை. ஆகவே 36 முத்து. தாமதத்துக்கு மொத்தம் 46. தாமதப் பித்யா, நோன்பு எதனால் விடுபட்டது என்று பார்ப்பதில்லை. ஆகவே மாதவிடாய் நாட்களும் இதில் அடங்கும். இரண்டு வகையையும் கூட்டினால் 72 முத்து.

முத்து என்பது கொள்ளளவு. நான்கு முத்து சேர்ந்தால் ஒரு ஸாஉ. நம் நாட்டில் அரிசிக்கு ஒரு முத்து 600 கிராம் என்று பேணுதலாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 72 முத்து என்பது 43.2 கிலோ அரிசி. கொழும்பில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இது கஷ்டம்தான், ஆனால் மலைக்கும் அளவு அல்ல.

இந்த இடத்தில்தான் “அப்படியானால் நான் ஹனபி வழியை எடுத்துக்கொள்கிறேன்” என்பார்கள். வேறொரு மத்ஹபின் தீர்ப்பைப் பின்பற்றுவதை ஷாபிஈ அறிஞர்கள் முற்றாகத் தடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பை அதன் நிபந்தனைகளோடு முழுதாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் இலகுவானதைப் பொறுக்கிக்கொண்டு போகக் கூடாது என்கிறார்கள். கழா நோன்பைப் பொறுத்தவரை இதில் பெரிய சிக்கல் எழாது. ஏனெனில் கழாவுக்கு இரவிலேயே நிய்யத் வைக்க வேண்டும் என்பதில் இரு மத்ஹபும் ஒன்று. ரமழான் மாத நோன்புக்கு நண்பகலுக்கு முன்னர்வரை நிய்யத் வைக்க ஹனபிகள் தரும் இடம் கழாவுக்குக் கிடையாது. காலை எட்டு மணிக்கு, “இன்று ஒன்றும் சாப்பிடவில்லையே, கழாவாக வைத்துக்கொள்வோம்” என்று நினைத்தால் அது எந்த மத்ஹபிலும் கழா ஆகாது.

ஆனாலும் ஹனபி வழிக்குத் தாவும் முன்னர், ஷாபிஈ மத்ஹபுக்கு உள்ளேயே ஒரு வாசல் இருப்பதைப் பார்க்க வேண்டும். அடுத்த ரமழான்வரை பிற்போடுவது ஹராம் என்பதே தெரியாமல் இருந்தவர், அல்லது கடன் இருப்பதையே மறந்தவர், தாமதப் பித்யா கொடுக்க வேண்டுமா? இதில் பிற்கால ஷாபிஈ அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. கதீப் ஷிர்பீனீ, குற்றம்தான் நீங்கும், பித்யா நீங்காது என்ற பக்கம் நின்றார். இப்னு ஹஜர் போன்றோர் பித்யாவும் இல்லை என்றார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: பிற்போடுவது கூடாது என்று தெரியும், பித்யா உண்டு என்பதுதான் தெரியாது என்பவருக்கு இந்த வாசல் திறக்காது.

எனவே என் பரிந்துரை இதுதான். ஷாபிஈயாக வளர்ந்தவர், 26 முத்தையும் (15.6 கிலோ) கைவிடாமல் கொடுக்கட்டும். அது சொந்த மத்ஹபின் தெளிவான தீர்ப்பு, பாரமும் இல்லை. தாமதத்தின் 46 முத்தில், உண்மையிலேயே சட்டம் தெரியாமல் இருந்தவர் இப்னு ஹஜரின் கருத்தை எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தே தள்ளிப்போட்டவர் கொடுக்கட்டும். பல ஆண்டுகள் சேர்ந்து அளவு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டவர், தன் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தாமதத்தில் மட்டும் ஹனபித் தீர்ப்பை எடுப்பதில் நான் குறை காணவில்லை. ஹனபிக் குடும்பத்தில் பிறந்த பெண்ணோ, ஷாபிஈ மாமியார் சொன்னார் என்பதற்காக அரிசி மூட்டையோடு நிற்கத் தேவையில்லை. அவருடைய கடமை கழா மட்டுமே.

பித்யாவைக் கொடுக்கும் முறையில் கொழும்பில் நடக்கும் தவறுகள் தனிக்கதை. ஷாபிஈ மத்ஹபில் பித்யா, ஊரின் பிரதான தானியமாக, சமைக்காமல் கொடுக்கப்பட வேண்டும். இங்கே அது அரிசி. கடையில் வாங்கிய சோற்றுப் பார்சல் பெரிய தர்மம்தான், ஆனால் ஷாபிஈ பித்யாவாக நிறைவேறாது. காசும் அப்படியே. ஏதேனும் ஓர் அமைப்பிடம் காசைக் கொடுப்பதானால், அவர்கள் அரிசி வாங்கி ஏழையின் கையில் சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சேர்த்தால் அவர்கள் உங்கள் சார்பில் செயல்படும் வகீல், பிரச்சினை இல்லை. அரிசி போக வேண்டியது பக்கீர், மிஸ்கீன் ஆகிய இருவகை ஏழைகளுக்கே. பள்ளிவாசல் கட்டிட நிதிக்கு அல்ல. பல முத்துகளை ஒரே ஏழைக்குக் கொடுக்கலாம், ஆனால் ஒரு முத்தை இருவருக்குப் பிரிக்கக் கூடாது. நம் உதாரணப் பெண் 26 முத்தையும் ஒரே விதவைக்கு ஒரே மூட்டையாகக் கொடுத்தாலும் செல்லும்.

ஹனபி மத்ஹபில் பித்யா முதுமையாலோ தீராத நோயாலோ இனி நோன்பு பிடிக்க முடியாதவருக்கு. அங்கே பெறுமதியைக் காசாகக் கொடுக்கலாம், இரு வேளை வயிறார உணவளிக்கவும் செய்யலாம். ஆனால் அளவு வேறு: ஒரு நாளுக்குக் கோதுமையில் அரை ஸாஉ, பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஒரு ஸாஉ. ஒரே வீட்டில் இருக்கும் வயதான உம்மம்மாவுக்காகப் பிள்ளைகள் 600 கிராம் அரிசியின் விலையைக் காசாக அனுப்புகிறார்கள். ஷாபிஈ அளவையும் ஹனபிக் காசையும் கலந்த இந்தக் கொடுப்பனவு இரண்டு மத்ஹபிலும் நிறைவேறாது: ஷாபிஈயில் அது காசு, ஹனபியில் அது குறைவு. மத்ஹபுகளைக் கலப்பதன் ஆபத்து இப்படி அன்றாட விஷயத்தில்தான் தட்டுப்படும். ரமழான் முதல் நாளிலேயே முழு மாதத்துக்கும் முன்கூட்டிக் கொடுப்பதும் ஹனபியில் செல்லும். ஷாபிஈயில் அந்தந்த நாளுக்கு முந்திய இரவு தொடங்கித்தான் கொடுக்கலாம், அல்லது மாதம் முடிந்ததும் சேர்த்துக் கொடுக்கலாம்.

இனி அந்த 36 நோன்புகளை எப்படிப் பிடிப்பது? தொடர்ச்சியாகப் பிடிப்பது விரும்பத்தக்கது, கட்டாயமில்லை. திங்கள், வியாழன் என்று வைத்துக்கொண்டால் பதினெட்டு வாரங்களில் முடியும். மாதவிடாய் நாட்கள் குறுக்கிட்டால் சற்று நீளும். இரு பெருநாட்களிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த மூன்று நாட்களிலும் ஷாபிஈயில் பிடிக்கக் கூடாது. கழாவைத் தொடங்கிவிட்டால் அது கடமை நோன்பு. பக்கத்து வீட்டிலிருந்து பிரியாணி வந்தது என்பதற்காக நடுவில் விட முடியாது. ஷவ்வாலின் ஆறு நாட்களில் கழாவை வைத்துக்கொண்டால் ஆறு நோன்பின் நன்மையும் கிடைக்குமா என்று கேட்பவர்கள் அதிகம். அடிப்படை நன்மை கிடைக்கும் என்பது ஷாபிஈ அறிஞர் ரம்லீயின் போக்கு. முழுமையாக வேண்டுமானால் தனித்தனியாகப் பிடிப்பது சிறந்தது. காரணமின்றி நோன்பை விட்ட நாட்கள் கணக்கில் இருந்தால் அவற்றை உடனே பிடிக்க வேண்டும். ஆறு நோன்பு அதற்கு முன்னால் வரக் கூடாது.

முடிக்காமலே இறந்துவிட்டால் என்ன என்பதில் இரு மத்ஹபும் மீண்டும் பிரிகின்றன. ஷாபிஈ மத்ஹபில் பிடிக்க வாய்ப்பே கிடைக்காமல் இறந்தவர்மீது எதுவும் இல்லை. வாய்ப்பிருந்தும் பிடிக்காமல் இறந்தவரின் சொத்திலிருந்து, பங்கு பிரிக்கும் முன்னர், நாளுக்கு ஒரு முத்து எடுக்கப்படும்; தாமதித்திருந்தால் நாளுக்கு இரண்டு. உறவினர் ஒருவர் அவருக்காக நோன்பு பிடிக்கலாம் என்ற ஷாபிஈயின் பழைய கருத்தை நவவி வலுவானதாகத் தேர்ந்தெடுத்தார். ஹனபி மத்ஹபில் அவருக்காக வேறொருவர் நோன்பு பிடிக்க முடியாது. பித்யா கொடுப்பது வாரிசுகள்மீது கடமையாவதும் இறந்தவர் வஸிய்யத் செய்திருந்தால் மட்டுமே, அதுவும் மூன்றிலொரு பங்குக்குள். ஆகவே ஹனபி வழியைத் தேர்ந்து கழாவைச் சிறுகச் சிறுகத் தீர்க்கும் பெண், மீதி எத்தனை நாள் என்பதை வஸிய்யத்தாக எழுதி வைக்க வேண்டும். ஷாபிஈப் பெண்ணும் எழுதி வைப்பது நல்லது: எந்த ரமழான், எத்தனை நாள், எந்த நாள் யாருக்காக விடப்பட்டது என்று. பிள்ளைகளால் ஊகிக்க முடியாதது அந்தக் கடைசித் தகவல் ஒன்றுதான்.